அண்ணனின் அளவு நோட்டு

என் அண்ணன் கோவில்பட்டியில் தையல்கடை வைத்திருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் ஜூன் முதல் வாரம் என் மகனைக் கடைக்குக் கூட்டிப்போய் யூனிஃபார்ம் அளவு கொடுப்பது வழக்கம். மருமகன் அளவுக்கென்று நீளநோட்டில் அண்ணன் தனிப்பக்கம் ஒதுக்கியிருந்தார். தேதி, பேன்ட் உயரம், இடுப்பு, சட்டை உயரம், தோள். எல்லாம் அங்குலத்தில், பென்சிலில்.

அவன் நான்காம் வகுப்பு போன வருஷம் அளவெடுத்துவிட்டு, "ஏம்மா, உயரம் போன வருஷத்தைவிட அரை இஞ்சுதான் கூடியிருக்கு. இடுப்பு மட்டும் ரெண்டு இஞ்சு ஏறியிருக்கே" என்றார். நான் சிரித்தேன். பழைய பேன்ட்டின் மடிப்பைப் பிரிக்காமலே இரண்டாவது வருஷமும் போட்டான் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இடுப்பில் ஒரு கொக்கி மாற்றினால் போதும், துணிக்காசு மிச்சம். இன்றைக்கு அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

அந்தப் பக்கத்தை அப்படியே தருகிறேன். ஆறு வயதில் பேன்ட் உயரம் 27¼, இடுப்பு 21. ஏழு வயதில் 28½, 22. எட்டு வயதில் 29¼, 24. ஒன்பது வயதில் 29¾, 26. ஏழு வயதுக்குப் பிறகு உயரம் ஏறுவது குறைந்துகொண்டே வருகிறது, இடுப்பு ஏறுவது வேகம் எடுக்கிறது. எங்கள் குடும்பத்தில் நடந்த அத்தனையும் இந்த நான்கு வரிகளில் இருந்திருக்கிறது. எங்களுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

அண்ணன் சொன்னது மனசில் ஒட்டிக்கொண்டதால் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனோம். 126 சென்டிமீட்டர். சுவரில் ஒட்டியிருந்த வளர்ச்சி அட்டவணையில் விரலை வைத்துக் காட்டி, "கோட்டுக்குள்ளதான் இருக்கான், சராசரிக்குக் கொஞ்சம் கீழ, அவ்வளவுதான்" என்றார். உண்மைதான். அந்த வயதில் 126 என்பது குட்டை இல்லை. தைராய்டு மட்டும் பார்த்துவிடலாம் என்று டி.எஸ்.எச். எழுதிக் கொடுத்தார். 2.1 என்று வந்தது, நார்மல். ஒரு டானிக், சாக்லேட் குறைக்கச் சொல்லி ஒரு அறிவுரை. வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆறு மாதம் போனது.

இந்த ஆறு மாதத்தில் இரண்டு விஷயங்கள். காலையில் தலைவலி என்றான், பள்ளிக்கூடம் போக மனசில்லாமல் சொல்கிறான் என்று நினைத்தோம். இன்னொன்று, நடக்கும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டே இருந்தான். சைக்கிளில் போனால் பக்கவாட்டில் வரும் வண்டி தெரியாமல் திடுக்கிட்டு நிற்பான். "கண்ணு பொடதியிலயா இருக்கு?" என்று நானே திட்டியிருக்கிறேன். கண் டாக்டரிடம் போனபோது எழுத்துப் பலகையைக் கடைசி வரிக்கு முந்தைய வரிவரை தடுமாறாமல் படித்தான். ஆனால் அந்த அம்மா சும்மா விடவில்லை. அவன் மூக்குக்கு நேரே உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் பக்கத்துக்கு விரித்து விரலை ஆட்டி, "எந்த விரல் ஆடுது தம்பி?" என்று கேட்டார். அவன், "நீங்க ஆட்டவே இல்லையே" என்றான். இரண்டு விரலும் ஆடிக்கொண்டிருந்தது.

இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை போயிருந்தது. குதிரைக்கு முகப்பட்டி கட்டிய மாதிரி நேரே மட்டும்தான் தெரிந்திருக்கிறது அவனுக்கு. இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் மூளைக்கு அடியில் ஓரிடத்தில் குறுக்கே கடக்கின்றன. வெளிப்பக்கக் காட்சியைக் கொண்டுபோகும் இழைகள்தான் அங்கே மறுபக்கம் தாவுகின்றன. அந்தச் சந்திப்புக்குச் சரியாகக் கீழே தொங்குகிறது, பல ஹார்மோன்களைச் சுரக்கும் பிட்யூட்டரி என்கிற சுரப்பி. கீழிருந்து ஏதாவது முட்டினால் முதலில் நசுங்குவது அந்த இழைகள். மறுநாளே எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு கட்டி, பெரும்பகுதி நீர் நிறைந்த பை. சி.டி.யில் அதன் ஓரத்தில் சுண்ணாம்புப் படிவு, வெள்ளை வெள்ளையாக.

பெயர் கிரேனியோஃபாரிஞ்சியோமா. உச்சரிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. புற்றுநோய் இல்லை, வேறு உறுப்புக்குப் பரவாது. ஆனால் இருக்கிற இடம்தான் வில்லங்கம். வயிற்றில் குழந்தை உருவாகிற ஆரம்ப வாரங்களில், வாயின் மேற்கூரையிலிருந்து ஒரு சிறு பை மேலே ஏறிப்போய்த்தான் பிட்யூட்டரியின் முன்பாதி உண்டாகிறதாம். ஏறின வழியில் மிச்சம் விழுந்த செல்கள் சிலருக்குப் பல வருஷம் கழித்துக் கட்டியாகக் கிளம்புகின்றன. குழந்தைகளுக்கு வருகிற வகையில் அந்தத் திசு பல் முளைக்கும் திசுவுக்கு உறவுக்காரத் திசு. சுண்ணாம்பு படிவதும் அதனால்தான் போல. பிறக்கும்போதே கூட வந்த ஒன்று என்று தெரிந்தபோது, நான் கர்ப்பத்தில் என்ன தின்றேன், எங்கே விழுந்தேன் என்று தேடிக்கொண்டிருந்ததை நிறுத்தினேன். மாமியாரும் நிறுத்தினார்.

மதுரையில் ஹார்மோன் டாக்டரைப் பார்த்தபோது அவர் முதலில் கேட்டது எம்.ஆர்.ஐ. இல்லை. "பழைய உயரக் கணக்கு ஏதாவது இருக்கா?" என்றார். தடுப்பூசி அட்டையில் ஐந்து வயதோடு எழுத்து நின்றுவிட்டது. பள்ளி ரிப்போர்ட் கார்டில் உயரம் என்ற கட்டம் மூன்று வருஷமாகக் காலி. அண்ணனுக்குப் போன் போட்டேன், நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். டாக்டர் அதைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு பேன்ட் அளவிலிருந்து தோராயமாக உயரத்தைக் கணக்குப் போட்டு அட்டவணையில் புள்ளி வைத்தார். 115, 121, 124, 126. ஏழு வயதுவரை கோட்டோடு சேர்ந்து போகிற புள்ளிகள், அப்புறம் கோட்டைவிட்டுப் படுத்துவிட்டன.

"நாலு வயசுலேருந்து வயசுக்கு வர்ற வரைக்கும் பிள்ளைங்க வருஷத்துக்கு அஞ்சு, ஆறு சென்டிமீட்டர் வளரணும். நாலுக்குக் கீழ போனா ஏன்னு கேக்கணும். ஒருதடவை அளந்து பாத்தா, குட்டையா இல்லையான்னுதான் தெரியும். ரெண்டுதடவை அளந்தாத்தான் வளருதா இல்லையான்னு தெரியும். இவன் குட்டையே இல்ல, ஆனா நின்னுட்டான்" என்றார்.

இடுப்பளவையும் அவர் விடவில்லை. சாப்பாடு போதாத பிள்ளைக்கும், குடலிலோ சிறுநீரகத்திலோ நோய் இருக்கிற பிள்ளைக்கும் பெரும்பாலும் எடைதான் முதலில் விழும், உயரம் பின்னால்தான் தேங்கும். எடை ஏறிக்கொண்டே இருந்து உயரம் மட்டும் நின்றால் ஹார்மோன் பக்கம் திரும்ப வேண்டும் என்றார். எங்கள் வீட்டிலோ, நன்றாகச் சாப்பிடுகிறான், கன்னம் உப்பியிருக்கிறது, நோயே இல்லை என்பதற்கு அதையே சாட்சியாக வைத்திருந்தோம்.

அப்புறம் தைராய்டு. "நார்மல்னு வந்துச்சே சார்" என்றேன். அவர் சொன்ன விளக்கத்தை நான் பலருக்குத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். தைராய்டு ஒரு வேலையாள், டி.எஸ்.எச். என்பது பிட்யூட்டரி என்கிற மேஸ்திரி போடும் சத்தம். வேலையாள் சோம்பினால் மேஸ்திரி சத்தம் கூட்டுவார், அதனால்தான் சாதாரணத் தைராய்டு குறைபாட்டில் டி.எஸ்.எச். எகிறும். இவனுக்கு மேஸ்திரிக்கே தொண்டை கட்டியிருக்கிறது. வேலை நடக்கவில்லை, சத்தமும் வரவில்லை. டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் எல்லாம் சரி என்றுதான் தோன்றும். கூடவே ஃப்ரீ டி4, அதாவது தைராய்டு சுரக்கும் ஹார்மோனையே நேராக அளந்து பார்த்தார்கள். 0.6. அந்த லேபில் 0.9-க்குக் கீழே இருந்தாலே குறைவு.

கையை எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பு வயது ஆறரை என்றார்கள். பிள்ளைக்கு ஒன்பதரை. காய்ச்சல், அதிர்ச்சி எதையும் உடம்பு தாங்க உதவுகிற ஹார்மோன் கார்டிசால், காலை எட்டு மணி ரத்தத்தில் அதுவும் மிகக் குறைவு. வளர்ச்சி ஹார்மோனை மட்டும் நேரடியாக அளக்கவில்லை. அது நாள் முழுக்க ஒரே சீராகச் சுரப்பதில்லை, ஆழ்ந்த தூக்கத்தில் விட்டுவிட்டுக் கொப்பளிக்கிறது. பகலில் ஏதோ ஒரு நேரத்தில் ரத்தம் எடுத்தால் நல்ல பிள்ளைக்கும் ஏறக்குறைய பூஜ்யம்தான் வரும். வழக்கமாகக் குளோனிடின் மாத்திரை கொடுத்துச் சுரப்பைத் தூண்டிவிட்டு, அரைமணிக்கு ஒருதடவை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இவனுக்குக் கட்டி கண்ணுக்குத் தெரிகிறது, மற்ற ஹார்மோன்களும் விழுந்திருக்கின்றன, ஐ.ஜி.எஃப்-1 என்கிற துணை அளவும் தரையில் கிடக்கிறது, அதனால் அந்தச் சோதனையே வேண்டாம் என்றார்.

பிட்யூட்டரி நசுங்கும்போது பெரும்பாலும் வளர்ச்சி ஹார்மோன்தான் முதலில் போகும். தலைவலி வருவதற்கு, பார்வை போவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னாலேயே உயரம் நின்றிருப்பது இந்தக் கட்டியில் சாதாரணம் என்றார் டாக்டர்.

மருந்து ஆரம்பித்த அன்று நர்ஸ் அம்மா என்னிடம் மாத்திரைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தடவை சொன்னார்: முதலில் கார்டிசாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் ஹைட்ரோகார்டிசோன், அது உடம்பில் ஏறின பிறகுதான் தைராய்டுக்கான தைராக்ஸின். மாற்றிக் கொடுத்தால் ஆபத்து. தைராக்ஸின் உடம்பின் ஓட்டத்தை முடுக்கிவிடும், இருக்கிற கொஞ்சநஞ்சக் கார்டிசாலையும் அது சீக்கிரம் கரைத்துவிடும், பிள்ளை மயங்கி விழுந்துவிடுவான். இந்த வரிசையை நான் சமையலறை அலமாரிக் கதவில் எழுதி ஒட்டினேன். ஹைட்ரோகார்டிசோன் 5 மில்லிகிராம் மாத்திரை, காலையில் ஒன்று, மதியம் அரை, சாயங்காலம் அரை. காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. வாந்தி எடுத்து மாத்திரை நிற்காவிட்டால் ஊசி, அதுவும் காத்திருக்காமல். வாழ்நாள் முழுக்க.

ஹைட்ரோகார்டிசோன் ஆரம்பித்த இரண்டாம் நாள் ஒரு வேடிக்கை நடந்தது. வேடிக்கை என்று இப்போது சொல்கிறேன், அன்றைக்குப் பதறிப்போனேன். பையன் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தான். ராத்திரி ஏழு தடவை பாத்ரூம். சிறுநீர் குழாய்த் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் அதை எதிர்பார்த்தே இருந்தார். சிறுநீரைக் கட்டிவைக்கும் ஹார்மோனும் இவனுக்கு ஏற்கெனவே குறைவுதான். ஆனால் உபரித் தண்ணீரை வெளியே தள்ளவே கார்டிசால் வேண்டும். அது இல்லாததால் இந்தக் குறை மறைந்து கிடந்தது. கார்டிசால் கொடுத்ததும் மதகு திறந்துவிட்டது. அதற்கு டெஸ்மோபிரசின் என்று இன்னொரு மருந்து சேர்ந்தது.

ஆபரேஷனைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனசில்லை. ஒன்று மட்டும். முழுசாக எடுத்துவிடுங்கள் என்று என் கணவர் கையைப் பிடித்துக் கேட்டார். சர்ஜன் மறுத்தார். கட்டியின் மேல்பகுதி ஹைப்போதலாமஸோடு ஒட்டியிருக்கிறது, பசி, தூக்கம், தாகம் எல்லாம் அங்கேதான். சுரண்டி எடுத்தால் ஸ்கேன் சுத்தமாக இருக்கும், பையன் சாப்பாட்டை நிறுத்தத் தெரியாமல் வளர்வான் என்றார். ஒட்டிய பகுதியை விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்தார். பைக்குள் இருந்த நீர் பழைய என்ஜின் ஆயில் மாதிரி இருந்ததாம், நடுவில் மினுமினுவென்று கொழுப்புத் துகள்கள். விட்ட பகுதிக்குக் கதிர்வீச்சு, 30 நாள், மொத்தம் 54 கிரே. பக்கவாட்டுப் பார்வை பாதிக்கு மேல் திரும்பி வந்தது. இப்போது கதவு நிலையில் இடிப்பதில்லை.

கட்டிதான் பிட்யூட்டரியைக் கெடுக்கும் என்றில்லை என்பதை ஓ.பி. வராந்தாவில்தான் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். ஆறாவது படிக்கிறாள், பார்த்தால் மூன்றாவது மாதிரி இருந்தாள். கட்டியா என்று கேட்டேன். "இல்லக்கா, வண்டியில பின்னாடி உக்காந்துட்டுப் போகும்போது விழுந்துட்டா" என்றார் அவள் அம்மா. எட்டு நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தவள். தலைக்காயம் ஆறிவிட்டது, பேச்சு வந்துவிட்டது, எல்லோரும் மறந்துவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து, தன் தங்கை உயரத்துக்கு அவளே இருக்கிறாள் என்று கவனித்தபோதுதான் வந்திருக்கிறார்கள். பிட்யூட்டரி ஒரு மெல்லிய காம்பில் தொங்குகிறது. தலை வேகமாக மோதி நிற்கும்போது அந்தக் காம்பும் அதோடு இறங்கும் ரத்தக்குழாய்களும் இழுபடுகின்றன. வளர்ச்சி ஹார்மோன் செல்கள் சுரப்பியின் இரண்டு ஓரங்களில் அந்த நீளக் குழாய்களை நம்பி இருப்பவை, அதனால் ரத்தம் தடைபட்டால் முதல் அடி அவற்றுக்கு. காயம்பட்ட புதிதில் எடுக்கும் ரத்தச் சோதனையை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாதாம். முதலில் குறைந்திருப்பது தானாகத் தேறலாம், முதலில் சரியாக இருப்பது பின்னால் விழலாம். அதனால் ஒரு வருஷம் கழித்தும் பார்க்கச் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளை டிஸ்சார்ஜ் ஆனபோது, பலமான அடி பட்ட தலை, ஆறு மாதத்துக்கு ஒருதடவை உயரம் அளந்து வையுங்கள் என்று ஒரு வரி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

வளர்ச்சி ஹார்மோனை உடனே ஆரம்பிக்கவில்லை. கதிர்வீச்சு முடிந்து ஒரு வருஷம் கட்டி அசையாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான். செல்களை வளர்க்கிற மருந்தைக் கட்டி மிச்சமிருக்கும் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்பதுதான் எங்கள் பயம். டாக்டரும் மழுப்பவில்லை. இந்த மருந்தால் இந்தக் கட்டி திரும்ப வருவது கூடுவதாக இதுவரை வந்த ஆய்வுகளில் தெரியவில்லை, ஆனாலும் வருஷாவருஷம் ஸ்கேன் எடுத்துக்கொண்டேதான் கொடுப்போம் என்றார். 1985 வரை இந்த ஹார்மோனை இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்துதான் பிரித்தெடுத்தார்களாம். அதில் சிலருக்கு மூளையை அரிக்கும் கொடிய நோய் ஒட்டிக்கொண்டதால் நிறுத்திவிட்டார்கள். இப்போது வருவது ஆய்வகத்தில் தயாராவது, அந்தப் பயம் இல்லை.

பேனா மாதிரி ஒரு ஊசி. 4 மில்லிமீட்டர் முனை. தினமும் ராத்திரி படுக்கப்போகும் முன் 0.8 மில்லிகிராம், ஒருநாள் தொடை, ஒருநாள் வயிறு. உடம்பு தானாகச் சுரப்பதும் ராத்திரிதான் என்பதால் அந்த நேரம். மருந்து ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையக் கூடாது. கோவில்பட்டி வெயிலில் நாலு மணிநேரம் கரண்ட் போன ஒருநாள், தெர்மாஸ் ஃபிளாஸ்கில் ஐஸ், அதன்மேல் துண்டு, துண்டுக்குள் பேனா என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாதச் செலவு எங்கள் வீட்டு வாடகையைவிட அதிகம். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு பதிவு ஆகிவிடும்.

கவலை தீர்ந்துவிடவில்லை. பசி அவனுக்கு மற்ற பிள்ளைகளுக்கு அடங்குவது போல அடங்குவதில்லை. சர்ஜன் பயந்த அளவுக்கு இல்லை, ஆனால் இருக்கிறது. இரண்டாவது தட்டு கேட்கும்போது வேண்டாம் என்று சொல்வது தினசரி யுத்தம். வயசுக்கு வருவதற்கும் மேஸ்திரியின் சத்தம் வேண்டும், அது இவனுக்குத் தானாக வராது என்பதால் சில வருஷம் கழித்து அதற்கும் ஊசி உண்டு. காய்ச்சல் வந்தால் மாத்திரையைக் கூட்ட வேண்டும் என்று எழுதிய அட்டை அவன் பள்ளிப்பையின் முன்ஜிப்பில் இருக்கிறது. டீச்சர் மாறும்போதெல்லாம் நான் போய் விளக்கிவிட்டு வருகிறேன்.

போன ஜூனில் கடைக்குப் போனோம். பன்னிரண்டு வயது. ஊசி போட ஆரம்பித்து ஒரு வருஷம். அண்ணன் டேப்பை இடுப்பிலிருந்து கணுக்கால்வரை இறக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பவும் ஒருதடவை அளந்தார். நோட்டைத் திறந்து, நாக்கில் தொட்டுப் பென்சிலை நனைத்து எழுதினார். பத்து வயதில் 30¼, பதினொன்றில் 30¾ என்று இருந்த இடத்துக்குக் கீழே, 32¾.

"மடிப்பு எவ்வளவு மாமா விடுவீங்க?" என்று இவனே கேட்டான்.

"மூணு இஞ்சு விடுறேன்டா. டிசம்பர்ல வா, பிரிச்சுத் தாரேன்" என்றார்.